லூட்டீசியம் ஊசி: பி.எஸ்.ஏ இறங்கியது, அப்பா இளைத்தார்

மஞ்சக்குப்பம் மகள்
அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, ஹார்மோன் ஊசி, அபிராட்டிரோன் மாத்திரை, டோசிடாக்செல் கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ அளவு 86-க்கு ஏறியபோது டாக்டர் லூட்டீசியம் என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சை பற்றிச் சொன்னார். புற்றணுவின் மேல் பி.எஸ்.எம்.ஏ என்ற புரதம் இருந்தால்தான் அந்த மருந்து போய் ஒட்டுமாம். அதற்காக முதலில் அந்தப் புரதம் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் கேலியம் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் இருந்ததெல்லாம் கல்லீரலைவிடப் பளிச்சென்று தெரிந்தது. சரி, கொடுக்கலாம் என்றார்கள்.

கடலூரிலிருந்து சென்னைக்குப் போனோம். ஊசி போடுவது சில நிமிட வேலைதான், அப்புறம் தனி அறை. அப்பா ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்து வந்ததும், டெக்னீஷியன் ஒரு மீட்டர் தள்ளி நின்று அவர் வயிற்றுக்கு நேராகக் கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பிடிப்பார். எண் இறங்க இறங்க அப்பாவுக்கு முகம் தெளியும். "தண்ணி குடிங்க அய்யா, அதுதான் உங்களை வீட்டுக்கு அனுப்பும்" என்பார் அவர்.

ஆறு வார இடைவெளியில் இரண்டாவது ஊசி. பி.எஸ்.ஏ 21-க்கு வந்தது, இடுப்பு வலியும் குறைந்தது. ஆனால் அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது. கல்லீரலில் புதிதாக ஏதோ இருக்கிறது என்கிறார்கள். பி.எஸ்.ஏ குறைந்திருக்கும்போது இது எப்படி?

நெல்லித்தோப்பு
பயப்படாதீங்க அக்கா. இந்த நோய்க்கு பி.எஸ்.ஏ-தான் அளவுகோல். மருந்து ரத்தத்தில் போகிறது, கல்லீரலுக்கும் போகாமல் இருக்குமா? அடுத்த ஊசியில் அதுவும் சரியாகிவிடும். எங்கள் மாமாவுக்கும் மெதுவாகத்தான் இறங்கியது.

முதலியார்பேட்டை
எனக்கு தைராய்டுக்கு ரேடியோ அயோடின் கொடுத்தார்கள். எனக்கும் தனி அறைதான், வாயும் வறண்டது. எலுமிச்சம்பழம் சப்பச் சொன்னார்கள். உங்கள் அப்பாவுக்கும் வாய் வறட்சியால்தான் சாப்பாடு இறங்கவில்லையோ?

லாஸ்பேட்டை (நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்)
உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், வறட்சி வரும். ஆனால் எடை இப்படிக் குறைவதற்கு அதை மட்டும் காரணமாக்கிவிட வேண்டாம்.

நெல்லித்தோப்பு தம்பி சொன்னதில் பாதி சரி. மருந்து ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும். ஆனால் புரதம் இல்லாத அணுவில் ஒட்டாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். ஒட்டிய இடத்திலும் லூட்டீசியத்தின் பீட்டா கதிர் அதிகம் போனால் 2 மில்லிமீட்டர்தான் போகும். எலும்பில் தங்கிய மருந்து கல்லீரலில் இருக்கும் கட்டியை எட்டவே எட்டாது.

ஒரே ஆளின் உடம்பில் புரதம் உள்ள அணுக்களும் இல்லாத அணுக்களும் சேர்ந்தே இருக்கலாம். உள்ளவை சாகும்போது பி.எஸ்.ஏ இறங்கும். இல்லாதவை சில சமயம் பி.எஸ்.ஏ-வையே சுரக்காமல் வளரும். ரத்தப் பரிசோதனைத் தாள் நன்றாக இருக்கும், ஆள் இளைப்பார். கட்டி வளரும்போது ரத்தத்தில் கூடக்கூடிய எல்.டி.எச் என்ற நொதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேலியம் ஸ்கேனில் கல்லீரல் இயல்பாகவே மங்கலாக ஒளிரும். அதற்குள் புரதம் இல்லாத கட்டி எளிதில் கண்ணுக்குப் படாது. அதனால்தான் பல இடங்களில் எஃப்.டி.ஜி பெட், அதாவது சர்க்கரையை அதிகம் இழுக்கும் கட்டியைக் காட்டும் ஸ்கேனும் சேர்த்து எடுத்துப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் அப்பாவுக்கு அது எடுத்தார்களா?

மஞ்சக்குப்பம் மகள்
அப்போது எடுக்கவில்லை அண்ணா. இப்போது எடுத்தோம். எலும்பில் அதிகம் ஒன்றுமில்லை, கல்லீரலில் இரண்டு இடம் பளிச்சென்று தெரிகிறது. கேலியம் ஸ்கேனில் அந்த இரண்டு இடமும் காலி. எல்.டி.எச் முன்பைவிட இரு மடங்கு. மூன்றாவது ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்
எங்கள் அண்ணனுக்கு இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், பி.எஸ்.ஏ 9, வெளியே பரவவில்லை. ஆபரேஷனுக்குப் பதில் இந்த ஊசி போட்டுவிடலாமா?

லாஸ்பேட்டை
அவருக்கு வேண்டாம் சார். பரவாத நோய்க்கு ஆபரேஷனோ வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சோ இருக்கிறது. இது பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத நோய்க்கு.

அக்கா, ஊசியை நிறுத்தி வைத்தது நியாயமாகத்தான் படுகிறது. கல்லீரலிலிருந்து பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அணுவின் குணமே மாறியிருந்தால் கார்போபிளாட்டின் மாதிரி கீமோ பக்கம் போவார்கள். அதைப் புற்றுநோய் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெல்லித்தோப்பு
ஆக்டீனியம் என்று இதைவிட வலுவான ஊசி இருக்கிறதாமே, அதைக் கேட்டுப் பார்க்கலாமே?

லாஸ்பேட்டை
வலு அதிகம்தான் தம்பி, ஆனால் அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதே புரதத்தைத் தேடும் மூலக்கூறுதான். கேலியம் ஸ்கேனில் காலியாக இருக்கும் கட்டிக்கு அதுவும் போகாது. வாய் வறட்சி இதைவிடக் கூடும்.

மஞ்சக்குப்பம் மகள்
பயாப்ஸி அடுத்த வாரம். பிளேட்லெட் 92 ஆயிரம் இருக்கிறது, போதும் என்கிறார்கள். எலும்பில் மறுபடி நோய் தலைதூக்கினால் லூட்டீசியத்தைத் தொடர முடியுமா என்று கேட்டேன். கல்லீரல் ரிசல்ட் வரட்டும் என்றார் டாக்டர். இட்லியைச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்துக் கொடுத்தால் அப்பா இரண்டு சாப்பிடுகிறார். வாய் வறட்சிக்கு வேறு ஏதாவது பலன் கொடுத்திருந்தால் சொல்லுங்கள். எலுமிச்சை அவருக்கு எரிகிறது.