"எல்லாத்தையும் விடப் பெரிசு" எண்டதை இங்கிலிஷில எப்பிடி எழுதுறது?

பரந்தன் அம்மா:
மகள் தரம் 8. "வடக்கில உள்ள எல்லாக் குளங்களையும் விட இரணைமடு பெரியது" எண்டதை இங்கிலிஷில எழுதச் சொல்லிக் குடுத்திருக்கினம். இவள் "இரணைமடு இஸ் பிக்கர் தன் ஓல் த ராங்க்ஸ் இன் த நோர்த்" எண்டு எழுத, ரீச்சர் வெட்டிப்போட்டு "த பிக்கெஸ்ற்" எண்டு மேல எழுதி விட்டிருக்கிறா. தமிழில "விட" தானே கிடக்கு? அப்ப ஏன் பிழை?

வவுனிக்குளத்தான்:
பிள்ளை எழுதினது சரி அக்கா. "விட" வந்தா "பிக்கர்", "மிக", "ஆக" வந்தா "பிக்கெஸ்ற்". நாங்கள் அப்பிடித்தான் படிச்சனாங்கள். ரீச்சரிட்டப் போய்க் கதையுங்கோ.

முறிகண்டிப் பெடியன்:
முதல்ல பெரிசு எண்டு எதை வச்சுச் சொல்லுறியள்? தண்ணியிலயா, பரப்பிலயா? இரணைமடு அணைக்கட்டை உயர்த்தி இப்ப 36 அடிக்குத் தண்ணி மறிக்கினம், சரி. ஆனா மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தின்ர பரப்பைப் போய்ப் பாருங்கோ.

பழைய வாத்தி:
தம்பி, குளத்தை அளக்கிறதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கொள்ளுவம்.

வவுனிக்குளத்தான் சொன்னது பாதிதான் சரி. தமிழில "பெரிய" எண்ட சொல் எங்கயும் மாறாது. என்ன சொல்ல வாறம் எண்டதைப் பக்கத்தில நிக்கிற சொல்லுத்தான் காட்டும். "விட" ஒரு பொருளை வெளியில எடுத்து வச்சு மற்றதோட ஒப்பிடும். "வடக்கிலேயே பெரிய குளம்" எண்டா இரணைமடுவும் வடக்குக் குளங்களுக்குள்ள ஒண்டு, அதுக்குள்ள முதலாவது. "த பிக்கெஸ்ற்" எண்டதும் இப்பிடி உள்ளுக்க நிண்டு சொல்லுறதுதான்.

மகளின்ர வசனத்தில இரணைமடுவும் வடக்கிலதான் கிடக்கு. "ஓல் த ராங்க்ஸ்" எண்டா அதுவும் சேந்திடும். அப்ப தன்னை விடத் தானே பெரிசு எண்டு வருகுது. "பிக்கர் தன் ஓல் தி அதர் ராங்க்ஸ்" எண்டோ "பிக்கர் தன் எனி அதர் ராங்க்" எண்டோ எழுதியிருந்தா ஒரு பிழையும் இல்லை. ரீச்சர் எழுதினதும் சரிதான். ஆனா அந்த "அதர்" ஒண்டுக்காக வசனம் முழுக்க வெட்டினது கூடிப்போச்சு.

வவுனிக்குளத்தான்:
ஐயா, "எங்கட வகுப்பில எல்லாரையும் விட நான் உயரம்" எண்டு சொல்லுறம். நானும் அந்த வகுப்புத்தானே? தமிழில "மற்ற" ஒண்டும் இல்லாமலே ஆருக்கும் விளங்குது.

பழைய வாத்தி:
விளங்கும். கேக்கிறவன் உங்களைத் தானாக் கழிச்சுப்போடுவான். அதாலதான் பிள்ளையளுக்கு அந்த "அதர்" ஞாபகம் வாறேல்லை, தமிழ் அதைக் கேக்கிறேல்லை. வாயால கதைக்கேக்க இங்கிலிஷ்காரனும் கழிச்சுத்தான் எடுப்பான். சோதினைப் பேப்பரில விடமாட்டினம்.

ஆனா எல்லா இடத்திலயும் "பிக்கெஸ்ற்" போடவும் ஏலாது. "பூநகரியில உள்ள எல்லாக் குளங்களையும் விட இரணைமடு பெரிசு" எண்டு எடுங்கோ. இரணைமடு பூநகரியில இல்லை. இதுக்கு "த பிக்கெஸ்ற் ராங்க் இன் பூநகரி" எண்டு எழுதினா குளத்தையே இடம் மாத்தி விட்டிடுவியள். "அதர்" போட்டாலும் அதே பிழை. இதில மட்டும் மகள் எழுதின மாதிரியே "பிக்கர் தன் ஓல் த ராங்க்ஸ் இன் பூநகரி" எண்டு வரவேணும். பொருள் கூட்டத்துக்கு உள்ளயா வெளியிலயா எண்டு முதல்ல பாத்தாப் போதும்.

மாங்குளம் சாந்தி:
"ஆக" வந்தா சுப்பர்லேற்றிவ் எண்டதை நம்பி நான் பட்ட பாடு! வேலை செய்த இடத்தில "ஆகக் குறைந்தது மூன்று விலைமனுக்கள் பெறப்பட வேண்டும்" எண்ட வசனத்தை "த லோவெஸ்ற் த்ரீ" எண்டு மாத்திக் குடுத்திட்டன். அது "அட் லீஸ்ற் த்ரீ". கொழும்பில இருந்து கடிதம் வருகுது, வந்த விலைமனு மூண்டுதானே, அதில எந்த மூண்டு குறைஞ்சது எண்டு கேட்டு.

பழைய வாத்தி:
ஓம் பிள்ளை. "ஆகக் குறைந்த விலைமனு" எண்டாத்தான் "லோவெஸ்ற்". கடைசியில "து" வந்து பின்னால எண்ணிக்கை நிண்டா அது வேற கதை.

பரந்தன் அம்மா:
விளங்குது ஐயா. இன்னொண்டு. அதே கொப்பியில "இரணைமடுவை விடப் பெரிய குளம் வடக்கில் இல்லை" எண்டும் கிடக்கு. ரீச்சர் "நோ அதர் ராங்க் இன் த நோர்த் இஸ் அஸ் பிக் அஸ் இரணைமடு" எண்டு எழுதிக் குடுத்திருக்கிறா. "விட"வுக்கு "அஸ்" வருமோ?

வவுனிக்குளத்தான்:
வராது. "விடப் பெரிசு இல்லை" எண்டா அதே அளவில இன்னொரு குளம் இருக்கலாம். "அஸ் பிக் அஸ்" எண்டா அதுவும் இல்லை எண்டு வரும். இது ரெண்டும் எப்பிடி ஒண்டாகும்? "நோ அதர் ராங்க் இஸ் பிக்கர் தன்" எண்டுதான் எழுதவேணும்.

பழைய வாத்தி:
கணக்குப் பாத்தா நீங்கள் சொல்லுறது சரி. ஆனா "என்ர அம்மாவை விட நல்லாச் சமைக்கிற ஆள் இல்லை" எண்டு சொல்லுறவன், சமனா ஆரும் இருக்கலாம் எண்டு நினைச்சே சொல்லுறான்? தமிழில அது ஒப்பே இல்லை எண்ட கருத்து. ரீச்சர் அதைத்தான் எடுத்திருக்கிறா.

வவுனிக்குளத்தான்:
அம்மான்ர சமையலுக்கு விடுறன். குளத்துக்கு விடமாட்டன்.

முறிகண்டிப் பெடியன்:
கட்டுக்கரைக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.