ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிக்கிறீர்கள்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கரில் சம்பா நிற்கிறது. சுருண்ட இலையைப் பிரித்தால் உள்ளே பச்சைப் புழு, இலைச்சுருட்டுப் புழுதான். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி வாங்கினேன். ஏக்கருக்கு 60 மில்லி, தண்ணீர் 200 லிட்டர். மருந்து 750 ரூபாய். தெளிப்பான் 16 லிட்டர், கூலி டேங்குக்கு 60 ரூபாய்.

200 லிட்டருக்குப் பன்னிரண்டரை டேங்க். அதனால் டேங்குக்கு 5 மில்லி கலக்கச் சொன்னேன். அடிப்பவரோ வேகமாக நடந்து 8 டேங்கிலேயே முடித்துவிட்டார். கூலி 480 ரூபாய்தான் என்று மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் புட்டியில் 20 மில்லி மீதி! வயலுக்குப் போனது 40 மில்லிதான். ஒரு வாரம் கழித்தும் புழு இருந்தது. மருந்து போலியோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனது வேறு கதை.

பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு மா நிலத்தில் நானே நிதானமாக அடித்துப் பார்த்தேன். 4 டேங்க் பிடித்தது. மூன்று மாவுக்கு 12 டேங்க், கூலி 720, மருந்தோடு 1,470 ரூபாய்.

இப்போது ஒரு சந்தேகம். அவர் 8 டேங்க்தான் அடிப்பார் என்றால், டேங்குக்கு ஏழரை மில்லி கலந்து 60 மில்லியைச் சரிக்கட்டலாமா? 128 லிட்டர் தண்ணீர் தூர் வரை நனைக்குமா? ஏக்கர் கணக்கில் கூலி பேசியவர்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.