வருமானம் சொல்லாத 310 வீடுகள்: டெல்டாவுக்கு மேல் எல்லை எது?

வணக்கம். 1,200 வீடுகளின் சர்வேயில் 310 வீடுகள் மாத வருமானத்தைச் சொல்லவில்லை. கல்வி, தொழில், வீட்டு வகை எல்லாம் ஒத்த வீடுகளிலும் கூடுதலாகச் சம்பாதிப்பவர்களே மறைக்கிறார்கள் என்பது எங்கள் சந்தேகம். அதாவது விடுபடக் காரணமே விடுபட்ட தொகைதான். கையிலுள்ள தரவை வைத்து இதைச் சோதித்து உறுதிசெய்ய முடியாது.

`mice` கொண்டு 40 முறை நிரப்பினாலும், பதில் சொன்ன ஒத்த வீடுகளின் வருமானத்தைப் போன்ற தொகைகளே வரும்; சராசரி குறைந்தே நிற்கும். ஆனால் மருத்துவச் செலவை விளைவாக வைக்கும் ரிக்ரஷனில், விடுபடுதல் வருமானத்தை மட்டுமே சார்ந்து, அதே வருமானமுள்ளவர்களிடையே செலவைச் சாராதிருந்தால், முழு விடை தந்த 890 வீடுகளே சரியான கெழுவைத் தரும். சராசரி வருமானத்துக்கு அந்த 890 போதாது.

எனவே நிரப்பிய லாக் வருமானத்தோடு டெல்டா என்ற ஒரு எண்ணை 0, 0.1, 0.2, 0.3 எனக் கூட்டிப் பார்க்கிறோம், 0.2 என்றால் சுமார் 22% கூடுதல். இந்த டெல்டாவின் மேல் எல்லையை எதை ஆதாரமாக வைத்து நிர்ணயிப்பது? செய்தவர்கள் சொல்லுங்கள்.