அரபு, பாரசீக விலைப்பட்டியலில் எந்த எண்ணுரு?

மாங்குளம் வாசுகி:
எங்கள் பனைசார் உற்பத்திகளின் விலைப்பட்டியலை, குவைத்திலும் ஈரானிலும் உள்ள கொள்வனவாளர்களுக்காக அரபியிலும் பாரசீகத்திலும் வலைப்பக்கமாக வடிவமைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அரபுக்கு ٤٥٦ என்ற வடிவத்தையும் பாரசீகத்துக்கு ۴۵۶ என்ற வடிவத்தையும் இட்டுத் தந்தார். பாரசீக அட்டவணையில் 021-123-4567 என்ற மாதிரித் தொலைபேசி எண் சரியாகத் தெரிகிறது. அரபு அட்டவணையில் அதே கட்டத்தில் 4567-123-021 என்ற வரிசையில் தெரிகிறது. எண்ணுருக்களை எல்லாம் நாம் எழுதும் 0–9 ஆக மாற்றிவிடலாமா?

வற்றாப்பளையான்:
மாற்றிவிடுங்கள், தங்கச்சி. ௧, ௨, ௩ என்று நமக்கும் எண்ணுருக்கள் இருக்கின்றன. ஆனால் கிளிநொச்சிச் சந்தையில் எவரும் அவற்றில் விலை எழுதுவதில்லை, எழுதினால் வாங்க வருபவருக்கும் புரியாது. மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளில் அரபு எழுதுபவர்களே 0–9 வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே வடிவத்தை எல்லாப் பதிப்புக்கும் வைத்தால் பிழை பார்ப்பவருக்கும் வேலை குறையும்.

நீராவிப்பிட்டி நஸீம்:
மொரோக்கோவின் வழக்கத்தைக் குவைத்துக்குப் பொருத்துவது சரியாகாது, அண்ணை. எகிப்திலும் ஈராக்கிலும் கடைப் பலகையில் ٤٥٦ வடிவமே இயல்பாகக் காணப்படும். சவூதியின் வாகன இலக்கத் தகடுகளில் இரண்டு வடிவமும் அருகருகே இருக்கின்றன. ஈரானியருக்கோ அவர்களுடைய வடிவம் அன்றாடப் பழக்கம். எண் தலைகீழாகத் தெரிவது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து: அரபு வலமிருந்து இடமாக வாசிக்கப்படும் மொழி, ஆகவே வாசிப்பவர் வலப்புறத்தில் தொடங்கி 021 என்று சரியாகவே வாசிப்பார்.

வவுனியா நிரலர்:
நஸீம் அண்ணா நாடுகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கடைசிக் கருத்தை ஏற்க முடியாது. அரபு எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண்ணுக்குள் உயர்ந்த இடமதிப்பு இடப்பக்கத்திலேயே இருக்கும். 456 என்பதை அவர்களும் நாம் எழுதும் வரிசையில்தான் எழுதுகிறார்கள். 4567 என்ற தொகுதி இடமிருந்து வலமாகவும், தொகுதிகளின் வரிசை வலமிருந்து இடமாகவும் இருந்தால், அந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் அழுத்துபவர் பெரும்பாலும் 4567இல் தொடங்குவார்.

இரண்டு பதிப்பும் வேறுபடுவதற்குக் காரணம், யூனிகோட் இவ்விரு எண்ணுருத் தொகுதிகளுக்கும் வெவ்வேறு திசைக்குணம் கொடுத்திருப்பதே. அரபு எண்ணுருக்கள் U+0660 முதல் U+0669 வரை உள்ளன. அவை AN என்ற வகுப்பைச் சேர்ந்தவை. பாரசீக எண்ணுருக்கள் U+06F0 முதல் U+06F9 வரை உள்ளன; அவை நம்முடைய 0–9 போலவே EN வகுப்பில் இருக்கின்றன. இடையில் வரும் சிறுகோடு இரண்டு EN எண்களை ஒட்டவைத்து ஒரே எண்ணாக்கிவிடும், இரண்டு AN எண்களை ஒட்டவைக்காது. அதனால்தான் அரபுக் கட்டத்தில் எண் மூன்று துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் அரபுச் சொல் போல வலமிருந்து வரிசைப்பட்டுவிட்டது.

வாசுகி அக்கா இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பக்க அடியில், அரபில் “தொலைபேசி” என்ற சொல்லை முன்னால் வைத்து அதே எண்ணை 0–9 வடிவத்தில் எழுதிப் பாருங்கள். அங்கேயும் அது புரளும். அரபு எழுத்துக்குப் பின்னால் வரும் EN எண்ணை உலாவி AN எண்ணாகவே நடத்த வேண்டும் என்பது விதி. ஆகவே வற்றாப்பளை அண்ணை சொல்லும் மாற்றம் கட்டத்துக்குள் நோயைத் தீர்க்கும், வசனத்துக்குள் தீர்க்காது.

வாசுகி:
பார்த்தேன், தம்பி; பாரசீகப் பக்கத்தின் அடிவரியிலும் அப்படியே புரண்டு நிற்கிறது. அப்படியானால் என்ன எழுத வேண்டும்?

வவுனியா நிரலர்:
தொலைபேசி எண்ணை எல்லாப் பதிப்பிலும் 0–9 வடிவத்தில் வைத்து இப்படிச் சுற்றிவிடுங்கள்:

```html
<bdi dir="ltr">021-123-4567</bdi>
```

முன்னால் +94 சேர்த்தாலும் இதே வழிதான், இல்லையேல் கூட்டல் குறி எண்ணின் வலப்பக்கத்துக்கு ஓடிவிடும். அழுத்தினால் அழைக்கும் இணைப்பில் `tel:` என்பதற்குப் பின்னால் 0–9 தவிர வேறு எண்ணுரு வரக்கூடாது.

அரபு எண்ணுருவில்தான் தொலைபேசி எண் வேண்டும் என்று கொள்வனவாளர் வற்புறுத்தினால் `bdi` போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. AN எண்களுக்கு நடுவில் நிற்கும் சிறுகோட்டை, இடமிருந்து வலமாக ஓடும் பகுதிக்குள்ளும் உலாவி வலமிருந்து செல்வதாகவே எடுத்துக்கொள்ளும். எனவே `<bdo dir="ltr">` என்று திசையைக் கட்டாயப்படுத்த வேண்டும். இன்னொரு வழி, சிறுகோட்டை நீக்கிவிட்டு U+00A0 என்ற பிரியா இடைவெளியை வைப்பது. அது இரு வகை எண்களையும் ஒட்டவைக்கும். சாதாரண இடைவெளி உதவாது, அதில் பாரசீக எண்ணும்கூடப் புரளும்.

ஒட்டுசுட்டான் ரவி:
நான் வளைகுடாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தபோது இருப்புக் கணக்கைப் பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: புதிதாக வரும் நம்மவர்கள் ٥ என்பதைப் பூச்சியம் என்றும், ٦ என்பதை ஏழு என்றும் வாசித்துவிடுவார்கள். பூச்சியமோ வெறும் புள்ளிதான். வாசுகி, உங்கள் கடையில் அச்சுப்படி பார்ப்பவர் எவராயினும் முதலில் இந்த மூன்றையும் கற்றுக்கொள்ளட்டும். எக்செல்லில் அவற்றைத் தட்டச்சு செய்தால் கூட்டுத்தொகை வருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வவுனியா நிரலர்:
அது வேறு கேள்வி, ரவி அண்ணை. சுருக்கமாகச் சொன்னால், கட்டத்தில் மதிப்பு 0–9 ஆகவே இருக்கட்டும், வடிவத்தை மட்டும் `[$-2000401]0` போன்ற எண்வடிவக் குறியால் காட்டலாம்.

ஆனால் நீங்கள் சொன்ன புள்ளி விலைக்கு முக்கியமானது. 250.00 என்பதை அரபு எண்ணுருவில் எழுதி நடுவில் நம்முடைய தசமப் புள்ளியையே வைத்தால், ஒரு புள்ளியும் மூன்று பூச்சியமும் சேர்ந்து நான்கு புள்ளிகளாகத் தெரியும். அரபுக்குரிய தசமக்குறி ٫ (U+066B), ஆயிரக்குறி ٬ (U+066C) ஆகியவற்றை இட்டால் ١٬٢٥٠٫٥٠ என்று தெளிவாகும். சதம் தேவையில்லாத பொருளுக்கு அதை விட்டுவிடுவது இன்னும் நல்லது.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு விசைப்பலகைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாரா என்பதையும் சோதியுங்கள். 1, 2, 3 ஆகியவை இரண்டு தொகுதியிலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், குறியீட்டு எண் வேறு. கலந்திருந்தால் தேடலில் விலை அகப்படாது, வரிசைப்படுத்தலும் குழம்பும்.

வற்றாப்பளையான்:
இவ்வளவு முடிச்சும் அவிழ்க்க வேண்டியிருப்பதே என் வாதத்துக்குச் சான்று. தொலைபேசி எண் 0–9இல், விலை வேறு வடிவத்தில் என்றால் ஒரே பக்கத்தில் இரண்டு வழக்கம் வந்துவிடுமே?

நீராவிப்பிட்டி நஸீம்:
வரட்டும். தொலைபேசி எண் அழுத்துவதற்கானது, விலை வாசிப்பதற்கானது; ஈரானியக் கடைக்காரர் தன் மொழியில் உள்ள பட்டியலில் விலை மட்டும் அந்நிய வடிவில் நிற்பதைக் கண்டால், அது அரைகுறை மொழிபெயர்ப்பு என்றே நினைப்பார். குவைத் விடயத்தில் மட்டும் கொள்வனவாளரிடமே கேளுங்கள், அங்கே இரண்டும் புழங்குகின்றன.

வாசுகி:
பனங்கட்டிக்கு 800-950 என்று விலை வீச்சு கொடுத்திருக்கிறேன். அதற்கும் `bdi` போட வேண்டுமா?

வவுனியா நிரலர்:
வேண்டாம் என்பேன், அக்கா. இங்கே இரண்டு தனி எண்கள் இருக்கின்றன. வலமிருந்து வாசிப்பவருக்கு 800 வலப்பக்கத்தில் முதலில் வருவதே முறை, ஆகவே அரபு எண்ணுருவில் அது புரள்வது நமக்குச் சாதகம். பாரசீகக் கட்டத்தில் சிறுகோடு ஒட்டவைத்துவிடுவதால் 800 இடப்பக்கத்தில் நிற்கும். அங்கே சிறுகோட்டை எடுத்துவிட்டு, “வரை” என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லை இரண்டு எண்களுக்கும் நடுவில் எழுதச் சொல்லுங்கள்.

நீராவிப்பிட்டி நஸீம்:
அரபிலும் சொல்லால் எழுதுவதையே நான் விரும்புவேன். வீச்சைச் சிறுகோட்டுடன் இரண்டு திசையிலும் வாசிக்கும் அரபுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எது சரி என்று அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

வற்றாப்பளையான்:
வீச்சை எடுத்துவிட்டு ஒரே விலையைப் போடுங்கள், தங்கச்சி. எண்ணுரு விடயத்தில் நான் இன்னும் என் பக்கத்திலேயே நிற்கிறேன்.