‘டேபஸ்ட்ரி’ இருந்தால் தள்ளிவிடலாமா? கட்டுரைப் போட்டி நடுவரின் கேள்வி

முத்தியால்பேட்டை நடுவர்: கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைப் போட்டி வைத்தோம். தலைப்பு, புதுச்சேரியின் பண்பாடு. 120 கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஏஐ எழுதியது கூடாது என்று விதியிலேயே போட்டிருந்தோம். கூட இருக்கும் நடுவர், ‘இழைகளால் நெய்த சித்திரத் திரைச்சீலையைச் சொல்லும் டேபஸ்ட்ரி, அப்புறம் ஜர்னி, லேண்ட்ஸ்கேப், இந்த மூன்றில் ஒன்று உருவகமாக வந்தாலும் தள்ளிவிடுவோம், அது ஏஐ-யின் கைரேகை’ என்கிறார். முப்பதுக்கு மேல் போய்விடும் போலிருக்கிறது. இது சரிதானா?

வில்லியனூர்க்காரன்: சரிதான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பேச்சில் எப்போதாவது டேபஸ்ட்ரி என்று கேட்டிருக்கிறீர்களா? 2024-இல் வந்த மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில், ஆழ்ந்து ஆராய்வதைச் சொல்லும் ‘டெல்வ்’ என்ற சொல் திடீரென்று எகிறியதை எண்ணியே காட்டினார்கள். பத்தில் ஒரு பங்காவது ஏஐ கைபட்டவை என்று அதிலிருந்துதான் கணக்குப் போட்டார்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கெடிலக்கரை: அந்த ஆய்வைச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் அது உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. அவர்கள் கண்டுபிடித்தது, மொத்தக் குவியலில் எத்தனை பங்கு என்பதை. எந்தச் சுருக்கம் என்பதை அல்ல. கடலூர் முதுநகர் மீன் இறங்குதளத்தில் இன்று ஐஸ் மீன் அதிகம் என்று மொத்த எடையை வைத்துச் சொல்லலாம். அதனால் உங்கள் கூடையில் இருக்கும் வஞ்சிரம் ஐஸ் மீன் என்று ஆகிவிடாது.

இன்னொன்று. அங்கே எகிறிய சொற்கள் பெரும்பாலும் வினைச்சொற்களும் பெயரடைகளும். எந்தத் தலைப்பில் எழுதினாலும் ஒட்டிக்கொள்ளும் நடைச்சொற்கள். டேபஸ்ட்ரியும் லேண்ட்ஸ்கேப்பும் பெயர்ச்சொற்கள், தலைப்பு இழுத்துக்கொண்டு வருபவை. நீங்கள் வைத்த தலைப்போ பண்பாடு. ஒயிட் டவுன் பற்றி எழுதிய சுற்றுலாக் கையேடு எதை எடுத்தாலும் பிரெஞ்சும் தமிழும் கலந்த டேபஸ்ட்ரி என்று இருக்கும். ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பே அப்படித்தான். பிள்ளைகள் படித்துவிட்டு எழுதுவது அதைத்தான்.

ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் என் அனுமானம், மாற்றிப் போட்டுப் பாருங்கள். 120-இல் 30 ஏஐ எழுதியவை, 90 சொந்தமாக எழுதியவை. ஏஐ கட்டுரைகளில் பாதியில் டேபஸ்ட்ரி வருகிறது, அது 15. சொந்தக் கட்டுரைகளில் ஆறில் ஒன்றில் வருகிறது, அதுவும் 15. ஆக டேபஸ்ட்ரி உள்ளவை 30, அதில் பாதி நிரபராதிகள். ஏஐ எழுதியவற்றில் மீதி 15 கட்டுரையும் சொல் இல்லாததால் தப்பிவிடும். அந்தச் சொல் ஏஐ-யிடம் மூன்று மடங்கு அதிகமாக வந்தும் இதுதான் கதி. குவியலில் சொந்தக் கட்டுரைகள் மூன்று மடங்கு இருப்பதால் அந்தச் சாதகம் அப்படியே கழிந்துபோகிறது.

ஜர்னி இன்னும் மோசம். ஏஐ 30-இல் 20, மற்ற 90-இல் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 கட்டுரைகளில் இருக்கும், அதில் 20தான் ஏஐ. எதையும் பார்க்காமல் கண்ணை மூடி ஒரு கட்டுரையை எடுத்தாலே நாலில் ஒன்று ஏஐ. சொல்லைப் பார்த்த பிறகு மூன்றில் ஒன்றுகூட இல்லை. இதற்கா ஒரு பிள்ளையைத் தள்ளுவது?

வில்லியனூர்க்காரன்: ஒரு சொல் ஏமாற்றும், ஒத்துக்கொள்கிறேன். மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால்? மூன்று சாட்சி ஒரே மாதிரி சொன்னால் நீதிமன்றமே நம்புமே.

கெடிலக்கரை: மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் நம்பலாம். ஒரே டீக்கடையில் கேட்டதை மூன்று பேரும் வந்து சொன்னால் அது ஒரே சாட்சிதான். இந்தச் சொற்கள் கூட்டாகவே திரிபவை. கையேட்டு நடையில் எழுதுபவருக்கு ஒன்று வந்தால் மற்ற இரண்டும் வர வாய்ப்பு கூடும், அவர் மனிதரானாலும். அதனால் மூன்று விகிதங்களையும் பெருக்கிவிட்டு ‘நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம்’ என்று சொல்லக்கூடாது. சந்தேகம் கொஞ்சம் கூடுகிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

பாகூர் வாசகி: லேண்ட்ஸ்கேப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சங்க இலக்கியப் பாடலைப் பற்றி நம்ம மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால் திணையை வேறு எப்படிச் சொல்வார்? ஏ.கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்தபோது நூலின் பெயரிலேயே ‘இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்று வைத்தார். நெய்தல் நிலத்தை மனநிலையாகச் சொல்வதுதானே அங்கே விஷயமே. கடலோர ஊரைப் பற்றிய கட்டுரையில் அது வந்தால் நல்ல வாசிப்பின் அடையாளமாகக்கூட இருக்கலாம். உங்கள் விதிப்படி, படித்த பிள்ளைதான் முதலில் வெளியே போகும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை: தமிழுக்கு இந்தப் பட்டியல் உதவுமா? எங்கள் ஆண்டு மலருக்கு வந்த தமிழ்க் கட்டுரைகளில் ‘பயணம்’ இல்லாத பக்கமே இல்லை. அதையெல்லாம் ஏஐ என்று நான் ஒதுக்கி வைத்துவிட்டேனே!

பாகூர் வாசகி: மேடம், தயவுசெய்து திரும்ப எடுத்துப் பாருங்கள். கலைப்பயணம், அரசியல் பயணம், திரைப்பயணம் இல்லாமல் ஒரு பாராட்டு விழா அழைப்பிதழ் உண்டா? ‘டிஜிட்டல் நிலப்பரப்பு’, ‘பண்பாட்டின் வண்ணமயமான திரைச்சீலை’ போன்றவை வேறு ரகம். தமிழில் யாரும் இயல்பாக அப்படிச் சொல்வதில்லை, ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் இறங்கியவை. ஆனால் அவை காட்டுவது மொழிபெயர்ப்பை மட்டும்தான். இறக்கியது ஏஐ-யா, அவசரத்தில் மொழிபெயர்த்த ஒரு மனிதரா என்று அவை சொல்லாது.

முத்தியால்பேட்டை நடுவர்: எங்களிடம் 2019 போட்டியின் கட்டுரைகள் 80 கணினியில் இருக்கின்றன. தலைப்பு ‘என் ஊர்’. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கெடிலக்கரை: அதுதான் பொக்கிஷம். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அதற்கு முன் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பிடிஎஃப் என்றால் முதலில் வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு இது:

```
grep -ilE 'tapestr(y|ies)' 2019/*.txt | wc -l
```

எத்தனை தடவை வந்தது என்று எண்ணாதீர்கள், எத்தனை கட்டுரையில் வந்தது என்று எண்ணுங்கள். ஒரே பிள்ளை ஜர்னியைப் பத்து தடவை எழுதியிருந்தால் எண்ணிக்கை ஊதிவிடும். அந்த `l` கோப்புப் பெயரை ஒரு தடவைதான் தரும், அதனால் சரியாக வரும். பன்மையை மறக்காதீர்கள். வரி முடிவில் இரண்டாக வெட்டுப்பட்ட சொல் கணக்கில் விடுபடும். கடைசியாக, லேண்ட்ஸ்கேப் அகப்பட்ட கோப்புகளைக் கண்ணால் பாருங்கள், நிஜமான நிலக்காட்சியைச் சொன்னால் அது உருவகமே இல்லை.

முத்தியால்பேட்டை நடுவர்: ஓடவிட்டேன். 80-இல் டேபஸ்ட்ரி 9, ஜர்னி 37. லேண்ட்ஸ்கேப் 14, அதில் 5 உண்மையாகவே கடற்கரையைச் சொல்பவை. இந்த வருடம் 120-இல் டேபஸ்ட்ரி மட்டும் 31.

கெடிலக்கரை: அப்படியானால் பழைய விகிதப்படியே 13, 14 வந்திருக்கும். மீதி 17 சொச்சம் ஏதோ மாறியிருப்பதால் வந்தவை. தலைப்பு ‘ஊர்’ என்பதிலிருந்து ‘பண்பாடு’ ஆனதே ஒரு பங்கைத் தூக்கியிருக்கும். இன்னொரு பங்கு ஏஐ. மூன்றாவதாக, இந்தச் சில வருடங்களில் பிள்ளைகள் படிக்கும் இணையப் பக்கங்களே அந்த நடைக்கு மாறிவிட்டன, படித்ததுதான் கையில் வரும். இப்போது அந்த 31-இல் எந்தக் கட்டுரை எந்த வகை? சொல் அதைச் சொல்லாது.

வில்லியனூர்க்காரன்: நீங்களே 17 கூடுதல் என்று ஒத்துக்கொண்டீர்கள். அதை விட்டுவிட்டால் நேர்மையாக எழுதியவனுக்குத்தானே துரோகம்?

கெடிலக்கரை: விடச் சொல்லவில்லை. தவறான ஆளைப் பிடிக்காதீர்கள் என்கிறேன். டெல்வ், டேபஸ்ட்ரி எல்லாம் ஊரறிந்த பட்டியல் ஆகிவிட்டது. வேண்டுமென்றே ஏமாற்றுபவர் ‘அந்தச் சொற்கள் வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், கட்டுரை சுத்தமாக வரும். பட்டியல் தெரியாமல் கையேட்டைப் பார்த்து உழைத்தவர் மாட்டுவார்.

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாம் என்றும் யாரும் கிளம்பாதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை 2023-இல் ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று தவறாகச் சொல்லின. நம் பிள்ளைகள் அதே நிலையில்தான் எழுதுகிறார்கள்.

கட்டுரைக்குள் இருக்கும் தடயம் இதைவிடக் கனமானது. உதாரணத்துக்கு, மேற்கோள் இணைப்பின் கடைசியில் `utm_source=chatgpt.com` என்று இருந்தால், அந்தப் பக்கத்துக்கு அவர் சாட்ஜிபிடி வழியாகப் போனார் என்று தெரியும். அதுகூட அவர் அங்கே தேடினார் என்பதைத்தான் காட்டும், எழுதவும் வைத்தார் என்று காட்டாது.

பாகூர் வாசகி: உருவகத்தையே சோதிக்கலாமே. டேபஸ்ட்ரி என்றால் இழை வேண்டும். எந்த இழை, எதோடு எது பின்னியது என்று கட்டுரை சொல்கிறதா? மாசித் திருவிழாவையும் பிரெஞ்சு வகுப்பையும் ஒரே தெருவில் காட்டியிருந்தால் உருவகத்துக்கு வேலை இருக்கிறது. சும்மா தொங்கினால் அது தேய்ந்த சொல், நடைக்கான மதிப்பெண்ணில் குறையுங்கள். குற்றச்சாட்டே தேவையில்லை.

வில்லியனூர்க்காரன்: அப்போது நேர்மையாக எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் குறையுமே?

பாகூர் வாசகி: குறையும். சலித்த நடைக்குக் குறைவது வேறு, திருடன் என்று பெயர் எடுப்பது வேறு.

கெடிலக்கரை: எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை கையில் கிடைத்த உருவகத்தைத்தான் பிடிக்கும், அதற்குத் தண்டனை கொஞ்சம் கடுமை. நானாக இருந்தால் பரிசுக்குத் தேறும் பத்துப் பேரை மட்டும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுவேன். இந்தப் பத்தியில் முதலில் என்ன எழுதியிருந்தாய், ஏன் வெட்டினாய், இந்த உதாரணத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்பேன்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை: கூச்சப்படும் பிள்ளை ஆங்கிலத்தில் திணறினால் அதையும் ஏஐ கணக்கில் சேர்த்துவிடுவீர்களே.

கெடிலக்கரை: தமிழிலேயே கேளுங்கள் மேடம். அவர் என்ன யோசித்தார் என்று தெரிந்தால் போதும், எந்த மொழியில் சொன்னால் என்ன?

முத்தியால்பேட்டை நடுவர்: அதற்குக் கூட இருப்பவர் சம்மதிக்க வேண்டும். ‘ஆங்கிலப் போட்டிக்குத் தமிழில் நேர்காணலா’ என்று இப்போதே கேட்டுவிட்டார். 2019 எண்களைக் காட்டியதும் தள்ளும் யோசனையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம்.