வீட்டுக் கடனோடு சேர்த்துப் பிடித்த இன்சூரன்ஸ் தடுப்புச் சுவருக்கு உதவுமா?

அடிவாரத்து வீடு
ஏற்காடு அடிவாரம், கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் வீடு. 2022-ல் 32 லட்சம் கடன். கையெழுத்துப் போடும்போது "இன்சூரன்ஸ் கம்பல்சரி சார்" என்று சொல்லி 1,42,000 ரூபாயைக் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். போன வாரம் மழையில் பின்பக்கத் தடுப்புச் சுவர் பத்தடி நீளத்துக்குச் சரிந்து, மண் சமையலறை ஜன்னல் வரை வந்து நிற்கிறது. கொத்தனார் 6 லட்சம் ஆகும் என்கிறார். இவ்வளவு பெரிய தொகை கட்டியிருக்கிறோமே, இது கிடைக்குமா? தனியாக வீட்டுப் பாலிசி எடுத்திருக்க வேண்டுமா?

சூரமங்கலம் மாமா
கண்டிப்பா கிடைக்கும் தம்பி. எங்க அண்ணன் மூணு வருஷம் முன்னாடி தவறினப்போ இதே மாதிரி பாலிசிதான் மீதிக் கடன் முழுசையும் அடைச்சுது. அண்ணி ஒரு பைசா கட்டல. நம்பிக்கையா இருங்க.

கிளைம் பார்த்தவன்
மாமா சொல்வது உயிர்க் காப்பீடு. அடிவாரத்து வீட்டுக்காரரின் 1,42,000-ம் பெரும்பாலும் அதேதான். கடனாளி இறந்தால் மீதிக் கடனை அடைக்கும், சுவர் இடிந்தால் அதற்குச் சம்பந்தமே இல்லை. வங்கி வீட்டைக் காப்பீடு செய்யச் சொல்லலாம். உயிர்க் காப்பீட்டையோ, குறிப்பிட்ட கம்பெனியையோ கட்டாயமாக்க முடியாது. சரி, அது பழைய கதை.

கடன் ஃபைலில் இன்னொரு சின்ன தாள் இருக்கிறதா பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் பிரீமியம், தீ விபத்துப் பாலிசி என்றோ "பாரத் கிருஹ ரக்ஷா" என்றோ போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அஸ்தம்பட்டிக்காரன்
அது இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எனக்கு 2019 பாலிசி. வீட்டின் கட்டுமான மதிப்பு 40 லட்சம், கடன் அளவுக்கு 20 லட்சத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். மின்கசிவில் 2 லட்சம் நஷ்டம், பாதி மதிப்புக்குத்தானே போட்டிருக்கிறீர்கள் என்று 1 லட்சம்தான் வந்தது. அதையும் வங்கி பெயருக்கே அனுப்பினார்கள்.

கிளைம் பார்த்தவன்
உங்கள் விஷயத்தில் அது சரி. பழைய பாலிசிகளில் அந்தக் கழிவு உண்டு. 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பாரத் கிருஹ ரக்ஷாவில் அது கிடையாது. தொகை குறைவாகப் போட்டிருந்தாலும் 6 லட்சம் நஷ்டம் 6 லட்சமாகவே கணக்கிடப்படும், மொத்தக் காப்பீட்டுத் தொகையைத் தாண்டாத வரை. இன்னொன்று, பணம் வங்கி பெயருக்குப் போவது வங்கியின் உரிமை இருப்பதால். பழுதுபார்க்கத்தான் இது என்று கிளையில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடிவாரத்து வீடு
தேடி எடுத்தேன். பாரத் கிருஹ ரக்ஷாதான், பத்து வருஷம், 32 லட்சம். "பொருட்கள்" என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறது. தடுப்புச் சுவர் என்று எங்கேயும் இல்லை.

கிளைம் பார்த்தவன்
சான்றிதழில் இருக்காது, பாலிசி வாசகத்தில் பாருங்கள். கட்டடம் என்ற சொல்லுக்குள் காம்பவுண்ட் சுவர், தடுப்புச் சுவர், செப்டிக் டேங்க் எல்லாம் அடக்கம். நிலச்சரிவும் சேர்ந்ததுதான்.

ஆனால் இடிக்கும் இடம் வேறு. கொட்டி நிரப்பிய மண் தானாக அமுங்கியோ நகர்ந்தோ வந்த சேதம், சரியாகக் கட்டாததால் வந்த சேதம், இரண்டையும் தர மாட்டார்கள். உங்கள் மனை சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்னால் கொட்டிச் சமப்படுத்தியதா? சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வைத்தார்களா? சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் அதைத்தான் கேட்பார். மேலே இருந்து சரிந்த மண் சுவரைத் தள்ளியது என்றால் ஒரு மாதிரி, சுவருக்குப் பின்னால் நீங்கள் நிரப்பிய மண் ஊறித் தள்ளியது என்றால் வேறு மாதிரி. படம் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மண்ணை அள்ளாதீர்கள். இன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, மண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி மேலிருந்து படம் எடுங்கள்.

சூரமங்கலம் மாமா
ஜன்னல் பக்கம் மண்ணை விட்டா பாம்பு வருமேப்பா.

கிளைம் பார்த்தவன்
ஜன்னலை ஒட்டி மட்டும் படம் எடுத்துவிட்டு ஒதுக்குங்கள், மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தனிப் பாலிசி வேண்டுமா என்பதற்கு: கட்டடத்துக்கு இன்னொன்று எடுத்தால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வராது. உங்களுக்கு விடுபட்டது பொருட்கள். கட்டடத்தின் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை பொருட்களுக்குத் தானாகவே சேர வேண்டும். ஏன் கோடு போட்டிருக்கிறது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சாதாரணத் திருட்டு இதில் வராது, அதற்கு மட்டும் தனியாகப் பாருங்கள்.

அடிவாரத்து வீடு
சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். சுவரில் ஓட்டை நான்கு வைத்திருந்தோம், அதில் இரண்டு மண் அடைத்துக்கிடக்கிறது. படம் எடுத்துவிட்டேன். அதை மறைக்கவும் மனசு வரவில்லை, சொல்லவும் பயமாக இருக்கிறது.

கிளைம் பார்த்தவன்
கேட்டால் சொல்லிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் முழுக் கிளைமும் போய்விடும்.