வட்டியை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கணக்கு விவரம் அறிந்த அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் மோட்டார் பம்பு கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட பில்லுடன் சரக்கு வந்தது. வரியோடு சேர்த்துத் தொகை 1,18,000 ரூபாய். பில் தேதியிலிருந்து 10 நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லையேல் 30 நாளுக்குள் முழுத்தொகை, தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கிறது.

எங்களுக்கு வரவேண்டிய பணம் தாமதமானதால் மே 21ஆம் தேதிதான் கொடுத்தோம். கெடு மே 1ஆம் தேதி முடிந்ததால் தாமதம் 20 நாள், 1,18,000-ஐ 0.18-ஆலும் 20-ஆலும் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,164 ரூபாய் வருகிறது. அவர்களோ பில் தேதியிலிருந்தே 50 நாளுக்குக் கணக்கிட்டு 2,910 ரூபாய் கேட்கிறார்கள். முப்பது நாள் தவணை கொடுத்துவிட்டு அந்த நாள்களுக்கும் வட்டி கேட்பது முறையல்ல என்பதே என் எண்ணம். பில்லிலும் அப்படி ஒரு வரி இல்லை.

சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்த விற்பனையாளருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும் என்பதை அறிவேன். அவர்கள் பில்லில் உத்யம் எண்ணும் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்துக்கு அச்சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள். அடியில் அச்சிட்ட வரியையே அத்தகைய ஒப்பந்தமாகக் கொள்வார்களா, இல்லையேல் 15 நாள் கெடு பொருந்துமா? இப்படிப்பட்ட பில்லைத் தீர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.